ரெப் வேலைக்கான பயோடேட்டாவில் 105 சதவீதம் எங்கிருந்து வந்தது?

மருந்து விற்பனைப் பிரதிநிதி வேறு கம்பெனிக்கு மாறும்போது நேர்காணலில் முதலில் தோண்டப்படுவது விற்பனைக் கணக்குதான். பயோடேட்டாவில் அதைச் சொல்லும் ஒரு வரியில் பிரைமரி, செகண்டரி என இரண்டு கணக்குகள் ஒளிந்திருக்கின்றன. கம்பெனி ஸ்டாக்கிஸ்ட்டுக்குப் பில் போட்டது பிரைமரி. ஸ்டாக்கிஸ்ட்டிடமிருந்து மருந்துக் கடைகளுக்குப் போனது செகண்டரி. டாக்டர் எழுதினால்தான் செகண்டரி தொடர்ந்து நகரும். பிரைமரியை மார்ச் மாதக் கடைசியில் அழுத்தித் தள்ளியும் ஏற்றிவிடலாம்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். விழுப்புரத்தை ஹெட்குவார்ட்டர்ஸாகக் கொண்ட ஒருவருக்கு ஆண்டு டார்கெட் 48 லட்சம் ரூபாய். பிரைமரி 50.4 லட்சம், அதாவது 105 சதவீதம். முந்தைய ஆண்டின் பிரைமரி 42 லட்சம் என்பதால் வளர்ச்சி 20 சதவீதம். இனி ஸ்டாக்கிஸ்ட்டின் ஸ்டேட்மென்டைப் பாருங்கள். ஏப்ரல் தொடக்கத்தில் கையிருப்பு 3.6 லட்சம், மார்ச் முடிவில் அதே விலைக் கணக்கில் 9.6 லட்சம். 3.6-உடன் 50.4-ஐக் கூட்டி 9.6-ஐக் கழித்தால் செகண்டரி 44.4 லட்சம். டார்கெட்டில் அது 92.5 சதவீதம்தான். முந்தைய ஆண்டின் செகண்டரி 40 லட்சமாக இருந்தால், உண்மையான வளர்ச்சி 11 சதவீதம். இரண்டரை மாதத்துக்கும் மேலான சரக்கு குடோனில் முடங்கிக் கிடக்கிறது. அதில் ஒரு பகுதி ரிட்டர்னாகத் திரும்பி வரலாம்.

வெறுமனே '105 சதவீதம், 20 சதவீத வளர்ச்சி' என்று எழுதுபவர் சிக்குவது இங்கேதான். ஒரே ஸ்டாக்கிஸ்ட் பல கம்பெனிகளுக்கு வேலை செய்கிறார். புதிய ஏரியா மேனேஜர் ஒரு போன் போட்டால் போதும். தவறான தகவல் தந்தால் வேலையை விட்டு நீக்கலாம் என்ற நிபந்தனை பல நியமன ஆணைகளில் இருக்கிறது. சேர்ந்த பிறகு தெரிய வந்தாலும் அது பாயும். டார்கெட், பிரைமரி, செகண்டரி மூன்றையும் ஆண்டு போட்டு எழுதுங்கள். என் பார்வையில், 92.5 என்று எழுதி அதை விளக்கத் தெரிந்தவரையே நல்ல மேனேஜர் எடுப்பார்.

டாக்டர் எண்ணிக்கையும் கணக்குக்கு உட்பட்டதே. 180 டாக்டர்களில் 60 பேரை மாதம் இரு முறையும் மற்ற 120 பேரை ஒரு முறையும் பார்த்தால் 240 கால். 24 வேலை நாளுக்கு வகுத்தால் நாளுக்குப் பத்து. இது நம்பும்படி இருக்கிறது. திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று ஊர் ஊராக அலைந்துகொண்டே 400 டாக்டர்களைப் பார்த்தேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். எந்தத் துறை மருத்துவர் எத்தனை பேர், எந்தெந்த மருந்துப் பிரிவுகளைக் கையாண்டீர்கள் என்று எழுதினால் போதும்.

டாக்டர்களின் பெயர், செல் நம்பர், யார் எந்த பிராண்டை எவ்வளவு எழுதுகிறார் என்ற பட்டியலைப் பயோடேட்டாவில் சேர்க்காதீர்கள். நேர்காணலில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அது பழைய கம்பெனியின் ரகசியத் தகவல். வேலையை விட்ட பிறகும் அதைக் காக்கும் கடமை தொடரும். ஆனால் 'விலகிய பின் இரண்டு ஆண்டு போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது' என்ற நிபந்தனைக்குப் பயப்பட வேண்டாம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி அப்படிப்பட்ட தடை பொதுவாகச் செல்லாது.

அப்படியானால் கணக்கை எதை வைத்து நிரூபிப்பது? ராஜினாமா கொடுத்ததும் ரிப்போர்ட்டிங் ஆப்பின் லாகின் மூடப்பட்டுவிடலாம். அதற்காகக் கம்பெனி ஸ்டேட்மென்டுகளை உங்கள் மெயிலுக்கு அனுப்பிக்கொள்வதும் ஆபத்துதான். உங்கள் பெயருக்கு வந்த நியமன ஆணை, டார்கெட் கடிதம், இன்சென்டிவ் ஸ்லிப், இன்கிரிமென்ட் கடிதம் ஆகியவற்றை மாதாமாதம் சேர்த்து வையுங்கள். இன்சென்டிவ் ஸ்லிப்பில் பெரும்பாலும் டார்கெட்டும் சாதித்த அளவும் இருக்கும். எந்த டாக்டரின் பெயரும் இருக்காது.

நியமன ஆணை பெறுவது உங்கள் உரிமை. விற்பனை மேம்பாட்டுப் பணியாளர்களுக்கான 1976-ஆம் ஆண்டுச் சட்டமே அதைக் கட்டாயமாக்கியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அந்த உரிமை இருக்கிறது. ஊதியத் தொகுப்பின்படி, விலகியவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தீர்க்க வேண்டும். மார்ச்சில் மேனேஜர் சொல்லி இறக்கிய சரக்கு திரும்பி வந்தது என்பதற்காகச் சம்பளத்தில் இஷ்டத்துக்குக் கை வைக்க முடியாது. உங்களிடம் ஒப்படைத்த பொருள் உங்கள் கவனக்குறைவால் போனால்தான் பிடித்தம் செய்யலாம். அதற்கு முன் உங்கள் விளக்கத்தையும் கேட்க வேண்டும். சரக்கை இறக்கச் சொல்லி வந்த மெசேஜ் அப்போது உங்களுக்குச் சாட்சி. பணம் வராவிட்டால் முதலில் எழுத்தில் கேளுங்கள். பிறகு பிரதிநிதிகள் சங்கத்தின் உதவியுடனோ நேரடியாகவோ தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். சம்பளக் கோரிக்கைக்கு மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது.