கட்டைச் சின்னதாக்கினால் கட்டுப்படியாகுமா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வெட்டிய துணி தையலுக்குக் கட்டுக் கட்டாகப் போகும். ஒரு கட்டில் 50 பீஸ், டி-சர்ட்டுக்கு ஐந்து வேலை, ஒவ்வொரு வேலைக்கும் பீஸுக்கு அரை நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். கட்டு முழுவதும் தைத்த பிறகுதான் அடுத்த டெய்லரிடம் போகும் என்பதால், முதல் கட்டு செக்கிங்குக்கு வர 125 நிமிடமாகும். முதல் ஓவர்லாக்கில் தையல் விட்டுப்போயிருந்தால், அது தெரிவதற்குள் அங்கே 250 பீஸ் ஓடியிருக்கும்.

கட்டுக்கு 20 பீஸ் என்று குறைத்தால் 50 நிமிடத்தில் குறை கண்ணில் பட்டுவிடும். இந்த யோசனை சூப்பர்வைசருக்கு வந்துவிட்டது. "கட்டைப் பிரிக்க, திரும்பக் கட்ட ஆகும் நேரம் யார் கணக்கில்?" என்று முதலாளி கேட்பார். நியாயமான கேள்வி. வாயால் பதில் சொல்வதைவிட இரண்டு லைனில் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

இரண்டிலும் ஒரே ஸ்டைல், ஒரே துணி இருக்க வேண்டும். ஒரு வாரம் ஒரு லைனில் 50, மற்றதில் 20. அடுத்த வாரம் மாற்றிவிட வேண்டும். கெட்டிக்கார டெய்லர்களைப் பொறுக்கி ஒரே லைனில் போட்டால் அந்தச் சோதனை செல்லாது. பக்கத்தில் ஆள் நின்றால் யாருக்கும் கை வேகமாக ஓடும்; அதனால் இரண்டு லைனையும் ஒரே மாதிரி கவனிக்க வேண்டும். தைத்த பீஸை எண்ணாமல், செக்கிங்கில் பாஸான பீஸையும் ஆல்ட்டருக்குத் திரும்பியதையும் மணிக்கு மணி குறித்துவைக்க வேண்டும்.

100 பீஸுக்கு 8 என்றிருந்த ஆல்ட்டர் 4 ஆனதாக வைத்துக்கொள்வோம். ஒன்றைப் பிரித்துத் தைக்க 3 நிமிடம் என்றால் 12 நிமிடம் மிச்சம். மூன்று கட்டு கூடுதல், ஐந்து வேலை, ஒவ்வொரு தடவையும் 20 விநாடி என்று பார்த்தால் 5 நிமிடம் செலவு. 250 நிமிட வேலையில் நிகர மிச்சம் 7 நிமிடம்தான். கட்டை 10 ஆக்கினால் கட்டும் செலவே 13 நிமிடத்தைத் தாண்டி, மிச்சத்தை விழுங்கிவிடும்.

பலரும் கோட்டைவிடும் இடம் இனிமேல்தான். ஷிப்ட் சம்பளம் என்றால் அந்த 7 நிமிடம் முதலாளிக்கு. பீஸ் ரேட்டில் ஆல்ட்டரை டெய்லர் கூலியில்லாமல் தைத்துக் கொடுக்கிற இடமானால், மிச்சம் டெய்லருக்குத்தான். முதலாளிக்குக் கிடைப்பது சரக்கு சீக்கிரம் வெளியேறுவது. சம்பளம் குறையும் என்று அங்கே சொன்னால் அடுத்த கேள்வியிலேயே யோசனை விழுந்துவிடும். கட்டுகிற நேரத்துக்கு ரேட்டில் என்ன சேர்ப்பது என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆல்ட்டர் குறையாத டெய்லருக்கு அது வெறும் நஷ்டம்.

மேனேஜரிடம் ஒரே தாளில் இரண்டு வாரக் கணக்கையும், மோசமான நாளையும் சேர்த்தே கொடுங்கள். மொத்தக் கம்பெனியையும் மாற்றச் சொல்லாதீர்கள். அடுத்த ஆர்டருக்கு இன்னும் இரண்டு லைன் மட்டும் கேளுங்கள். ஆல்ட்டர் எத்தனைக்கு மேல் போனால் பழைய கட்டுக்கே திரும்புவது என்பதையும் அதே தாளில் எழுதிக் கொடுங்கள்.