கணினியில் சரி, போனில் தலைகீழ்

பலகாரக் கடை ஒன்றின் இணையப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று பண்டங்கள், மூன்று வரிசைகள். முதல் வரிசையில் இடப்பக்கம் அல்வாவின் படம், வலப்பக்கம் அதன் விவரமும் விலையும். இரண்டாவது வரிசையில் மாற்றி வைத்திருக்கிறார்கள்: இடப்பக்கம் முறுக்கைப் பற்றிய விவரம், வலப்பக்கம் படம். மூன்றாவதில் மறுபடியும் இடப்பக்கம் அதிரசத்தின் படம், வலப்பக்கம் விவரம். படமும் எழுத்தும் இப்படி இடம் மாறி மாறி வருவது கணினித் திரையில் கண்ணுக்கு நன்றாக இருக்கும். ஆயத்த டெம்ப்ளேட்டுகளில் அடிக்கடி பார்க்கக் கிடைக்கும் அமைப்புதான் இது.

அதே பக்கத்தைப் போனில் திறந்தால் மேலிருந்து கீழாக வருவது இது: அல்வா படம், அல்வா விவரம், முறுக்கு விவரம், முறுக்குப் படம், அதிரசப் படம், அதிரச விவரம். அல்வாவின் விலைக்கு அடியிலேயே முறுக்கின் விவரம் ஒட்டிக்கொண்டு, இரண்டும் ஒரே பண்டத்தைப் பற்றியவை போலத் தெரிகின்றன. முறுக்குப் படத்துக்குக் கீழே விலையைத் தேடுகிறவருக்கு அதிரசத்தின் படம் வருகிறது. அதையும் தாண்டிப் போனால் கிடைக்கும் விலை அதிரசத்தினுடையது. வாட்ஸ்அப்பில் தவறான விலையைச் சொல்லி ஆர்டர் போடும் வாடிக்கையாளர் மேல் குற்றமில்லை. பக்கம் அப்படித்தான் அவருக்குக் காட்டியது.

இது மென்பொருளின் கோளாறு என்று நினைத்து, ஒரு வெப் டிசைனரைக் கூப்பிட்டுக் காசு கொடுக்கிறவர்கள் உண்டு. தேவையில்லை. ஒரு வரி கோடுகூட எழுதாமல் நாமே சரிசெய்துவிடலாம். ஆனால் இது ஏன் நடக்கிறது என்று முதலில் புரிந்துகொண்டால்தான், சரிசெய்யப் போய் வேறொன்றைக் கெடுக்காமல் இருக்க முடியும்.

பார்வைக்குப் பக்கவாட்டில் இரண்டு கட்டங்கள் தெரிந்தாலும், பக்கத்தின் கோப்புக்குள் பக்கவாட்டு என்று ஒன்றும் கிடையாது. அங்கே எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் இருக்கிறது. அகலமான திரையில், முதலில் இருப்பதை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் பிரவுசர் வைக்கிறது. போன் திரையில் இரண்டுக்கும் இடம் போதாது. ஆகவே முதலாவதை மேலே வைத்து, இரண்டாவதை அதற்குக் கீழே தள்ளுகிறது. அதாவது, கணினியில் இடப்பக்கம் இருப்பது போனில் மேலே. வலப்பக்கம் இருப்பது கீழே. எது படம், எது விவரம் என்பதெல்லாம் பிரவுசருக்குத் தெரியாது. முறுக்கு வரிசையில் விவரம் இடப்பக்கம் இருந்ததால், போனில் அது மேலே ஏறிவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

இனி, வேர்ட்பிரஸில் பலரும் பயன்படுத்தும் எலிமென்டரை வைத்து இந்தப் பக்கத்தைச் சரிசெய்து பார்ப்போம். அதில் போன் என்பது, நாம் மாற்றாத வரையில், 767 பிக்சல் அகலமும் அதற்குக் குறைவும். அதிலிருந்து 1024 வரை டேப்லெட். மேலே இருக்கும் சின்னஞ்சிறு கணினி, டேப்லெட், போன் ஐகான்களை அழுத்தினால், ஒவ்வொன்றிலும் பக்கம் எப்படித் தெரியும் என்று எடிட்டருக்குள்ளேயே பார்க்கலாம்.

முதலில் திறக்க வேண்டியது Structure என்ற பலகை. பழைய பதிப்புகளில் அதன் பெயர் Navigator. பக்கத்தில் இருப்பவை எல்லாம் அதில் ஒரு மரம்போல் அடுக்கிக் காட்டப்படும். கோப்புக்குள் இருக்கும் வரிசை அதுதான். அதில் எது மேலே இருக்கிறதோ அதுதான் போனிலும் மேலே வரும். முறுக்கின் வரிசையை விரித்துப் பார்த்தால், விவரம் இருக்கும் Container மேலேயும் படம் இருக்கும் Container கீழேயும் இருக்கும். நோய் எங்கே என்று தெரிந்துவிட்டது.

பெரும்பாலோர் இங்கே செய்வது இதுதான். போன் ஐகானை அழுத்தி, அந்த வரிசையின் வெளி Container-ஐத் தேர்ந்தெடுத்து, Layout பகுதியில் Direction என்பதை Column - reversed என்று மாற்றுவார்கள். போனில் படம் மேலே, விவரம் கீழே என்று வந்துவிடும். கணினியில் எதுவும் மாறாது. இது வேலை செய்யும், தவறில்லை.

இதில் ஆட்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. திருப்பிப் போடுவது என்றதும் Row - reversed என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, போனில் ஒன்றுமே மாறவில்லையே என்று மண்டையைக் குழப்பிக்கொள்வார்கள். மாறாததற்குக் காரணம் இருக்கிறது. Row என்பது பக்கவாட்டு வரிசை. போனில் ஒவ்வொரு கட்டமும் முழு அகலத்தையும் பிடித்துக்கொள்வதால், தனித்தனி வரியாக உடைந்து விழுகிறது. ஒரு வரிக்குள் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார். அந்த வரியை வலமிருந்து இடமாகத் திருப்பினால் என்ன ஆகிவிடும்? வரிகள் மேலிருந்து கீழாக, பழைய வரிசையிலேயேதான் இறங்கும். போனில் திருப்ப வேண்டுமானால் Column என்று தொடங்குவதைத்தான் தொட வேண்டும்.

இந்த ‘மாறாத’ குணத்தையே நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். எனக்குப் பிடித்த வழி அதுதான். போனைத் திருத்துவதை விட்டுவிட்டு, கணினியைத் திருத்த வேண்டும். கணினிக் காட்சியில் இருந்துகொண்டு, Structure பலகையில் முறுக்குப் படத்தின் Container-ஐப் பிடித்து இழுத்து, விவரத்துக்கு மேலே விடுங்கள். உடனே கணினியில் படம் இடப்பக்கம் போய்விடும். மாறி மாறி வரும் அழகு கெட்டதுபோல் தெரியும். பதற வேண்டாம். அதே கணினிக் காட்சியில் வெளி Container-இன் Direction-ஐ Row - reversed ஆக்குங்கள். படம் மறுபடி வலப்பக்கம் வந்துவிடும். இப்போது போன் காட்சிக்குப் போய்ப் பாருங்கள்: முறுக்குப் படம், அதன் கீழே முறுக்கு விவரம், பிறகு அதிரசப் படம். போனுக்கென்று தனியாக ஒன்றும் செய்யவில்லை. இன்னும் உறுதியாக இருக்க வேண்டும் என்றால், போன் காட்சியில் மட்டும் Direction-ஐ Column - vertical என்று வைத்துவிடலாம்.

முதல் வழியே வேலை செய்யும்போது இந்தச் சுற்று எதற்கு? பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள்கள் பொதுவாகக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் படிப்பதில்லை. கோப்பில் இருக்கும் வரிசையில்தான் படிக்கின்றன. கீபோர்டில் Tab அழுத்திக்கொண்டு போகிறவருக்கும் இதேதான். கோப்புக்குள் மூன்று பண்டங்களும் படம், விவரம், படம், விவரம் என்று ஒரே சீராக இருந்தால், அவர்களுக்கும் தடுமாற்றம் இருக்காது. தவிர, நாளைக்கு நான்காவது பண்டத்தைச் சேர்க்கும்போது எதை எங்கே திருப்பினோம் என்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. எப்போதும் படம் முதலில் என்பதே விதி.

எந்த வழியில் போனாலும், மாற்றும் முன் எந்தக் காட்சியில் நிற்கிறோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். Direction என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே அதற்கான ஐகான் தெரியும். எலிமென்டரில் கணினிக்குச் செய்யும் மாற்றம் டேப்லெட்டுக்கும் போனுக்கும் தானாக இறங்கும், அங்கே தனியாக வேறு ஏதும் வைத்திருந்தால் தவிர. போனில் செய்தது மேலே ஏறாது. போனுக்கென்று நினைத்துக் கணினிக் காட்சியில் Column - reversed போட்டுவிட்டால், கடையின் பக்கம் கணினியிலும் ஒற்றைத் தூணாக நிற்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் கட்டிய பக்கமாக இருந்தால் Container இருக்காது. Section, Column என்ற பழைய முறை இருக்கும். அதில் Direction கிடையாது. Section-ஐத் தேர்ந்தெடுத்து, Advanced தாவலில் Responsive பகுதியைத் திறந்தால், Reverse Columns (Mobile) என்ற பொத்தான் இருக்கும். அதைப் போட்டால் போதும். டேப்லெட்டுக்கும் அதேபோல் தனிப் பொத்தான் உண்டு.

எலிமென்டர் இல்லாமல் வேர்ட்பிரஸின் சொந்த எடிட்டரில் கட்டுகிறவர்களுக்கு Columns என்ற பிளாக் கைகொடுக்காது. Stack on mobile என்ற பொத்தான் அதில் இருக்கிறது. அடுக்கை உண்டாக்குமே தவிர வரிசையைத் திருப்பாது. இந்த இடத்தில் Media & Text என்ற பிளாக்கைப் போடுங்கள். படத்தை வலப்பக்கம் வைத்தாலும், போனில் அடுக்கும்போது படத்தைத்தான் அது மேலே வைக்கும். நாம் கேட்டதும் அதுதானே.

ஒரே வரிசையில் மூன்று கட்டங்கள் இருந்தால் கதை கொஞ்சம் மாறும். திருப்பிப் போடுவது என்றால் 1, 2, 3 என்பது 3, 2, 1 ஆகும். நடுவில் இருப்பது நடுவிலேயே நிற்கும். நடுவில் இருக்கும் ‘தீபாவளி ஸ்பெஷல்’ பெட்டியைப் போனில் முதலில் காட்ட வேண்டுமானால், அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்து, போன் காட்சியில் Advanced தாவலில் இருக்கும் Order என்பதில் Start என்று கொடுக்க வேண்டும். அது மட்டும் மேலே வரும், மற்றவை அப்படியே இருக்கும்.

இவற்றால் முடியாததும் ஒன்று உண்டு. போனில் முதலில் தலைப்பு, பிறகு படம், பிறகு விவரம் என்று வேண்டும். ஆனால் தலைப்பும் விவரமும் ஒரே கட்டத்துக்குள் இருக்கின்றன என்றால், அந்தக் கட்டத்தைப் பிளந்து நடுவில் படத்தைச் செருக எந்தப் பொத்தானும் இல்லை. அதற்குப் பலர் செய்யும் குறுக்கு வழி, தலைப்பை இரண்டு பிரதியாக வைத்து, ஒன்றைப் போனிலும் மற்றொன்றைக் கணினியிலும் மறைப்பது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மறைத்த பிரதி எங்கும் போய்விடுவதில்லை, கோப்புக்குள்ளேயேதான் இருக்கிறது. அதில் படம் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத படத்துக்கும் வாடிக்கையாளரின் டேட்டா செலவாகக்கூடும். அதைவிடத் தொல்லை, விலை ஏறும்போது ஒரு பிரதியில் மாற்றிவிட்டு இன்னொன்றை மறந்துவிடுவது. கணினியில் ஒரு விலை, போனில் ஒரு விலை என்று நிற்கும். தலைப்பைக் கட்டத்திலிருந்து வெளியே எடுத்து, அந்த வரிசைக்கு மேலே தனியாக வைத்துவிடுவது நல்லது.

எல்லாம் முடித்து Update கொடுத்த பிறகும் போனில் பழையபடியே தெரிந்தால், மறுபடி எடிட்டரைக் கிண்டாதீர்கள். பெரும்பாலும் அது சேமித்துவைத்த பழைய பிரதி. கேஷ் பிளக்இன் ஏதாவது போட்டிருந்தால் அதைத் துடைத்துவிட்டு, போன் பிரவுசரில் மறைநிலைத் தாவலில் பக்கத்தைத் திறந்து பாருங்கள். போனைக் குறுக்காகத் திருப்பியும் ஒருமுறை பாருங்கள். குறுக்கே பிடித்தால் பல போன்களின் அகலம் 767 பிக்சலைத் தாண்டிவிடும். அப்போது அது டேப்லெட் கணக்கில் போய், கட்டங்கள் மறுபடி பக்கவாட்டில் வந்து நிற்கும்.