விளம்பரத்தை நிறுத்திப் பார்த்துவிட்டு எழுதிய கடிதம்

"ஐயா, போன மாதம் 1 லட்சம் ரூபாய் விளம்பரத்துக்குச் செலவு செய்தோம், 500 ஆர்டர் வந்தது. பட்ஜெட்டை 2 லட்சமாக்கினால் 1,000 ஆர்டர் வரும்." சமூக ஊடக மேலாளர்கள் டைரக்டருக்கு எழுதும் கடிதங்களில் பல இந்தக் கணக்கில்தான் நிற்கின்றன. டைரக்டர் கடையில் உட்கார்ந்து வளர்ந்தவராக இருந்தால் உடனே கேட்பார்: "விளம்பரம் போடாவிட்டால் இதில் எத்தனை பேர் வாங்காமல் போயிருப்பார்கள்?"

நியாயமான கேள்வி. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களுக்கான ஆட்ஸ் மேனேஜர் திரை, வழக்கமான அமைப்பில், விளம்பரத்தைச் சொடுக்கி 7 நாளுக்குள் வாங்கியவரையும், சொடுக்காமல் வெறுமனே பார்த்துவிட்டு ஒரு நாளுக்குள் வாங்கியவரையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். எப்படியும் வாங்கவிருந்த பழைய வாடிக்கையாளரும் அதில் அடக்கம். 2012இல் ஈபே நிறுவனம் யாஹூ, எம்.எஸ்.என். தேடுபொறிகளில் தன் பெயரைத் தேடுவோருக்குக் காட்டிவந்த விளம்பரங்களை நிறுத்திப் பார்த்தது. இழந்திருக்க வேண்டிய சொடுக்குகளில் 99.5 சதவீதம், காசில்லாத சாதாரணத் தேடல் முடிவுகள் வழியாகவே வந்து சேர்ந்தன. அந்த விளம்பரங்களுக்குக் கொடுத்த பணம் ஏறக்குறைய வீண்.

ஆகவே கடிதம் எழுதும் முன் நிறுத்திப் பார்க்க வேண்டும். இணையத்தில் பருத்திச் சேலை விற்கும் ஈரோட்டுக் கடை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு சேலை விற்றால் கொள்முதல், கூரியர் எல்லாம் போக, விளம்பரச் செலவுக்கு முன் 550 ரூபாய் மிஞ்சுகிறது. கோவையும் சேலமும் ஓர் அணி, மதுரையும் திருச்சியும் இன்னோர் அணி. இரண்டிலுமே 15 நாளுக்குச் சுமார் 200 சேலை போகும். டெலிவரி ஆனதை மட்டுமே எண்ண வேண்டும். 'கேஷ் ஆன் டெலிவரி'யில் திரும்பி வரும் பார்சலைச் சேர்த்தால் கணக்கே பொய்யாகிவிடும்.

முதல் 15 நாள் மதுரை, திருச்சியில் விளம்பரம் நிறுத்தப்படுகிறது. அங்கே விற்பனை 140ஆக இறங்குகிறது; கோவை அணியில் அதே 200. ஆக, விளம்பரம் உண்மையில் கொண்டுவந்தது 60. அதே அளவு பணம் செலவான கோவை அணியில் திரை சொந்தம் கொண்டாடியதோ 100. இதே விகிதத்தை மாநிலம் முழுவதற்கும் போட்டால் 500 ஆர்டர் 300ஆகச் சுருங்கும். ஓர் ஆர்டருக்கான செலவு 200 ரூபாய் அல்ல, 333 ரூபாய்.

இந்த எண்ணைக் கடிதத்தில் எழுதப் பலருக்குக் கை வராது. என்னைக் கேட்டால், கடிதத்தின் பலமே அதுதான். தன் துறையின் கணக்கைத் தானே குறைத்துச் சொல்பவரை டைரக்டர் நம்புவார்.

ஆனால் 333 என்பது இதுவரை வந்த ஆர்டர்களின் சராசரி. கூடுதலாகக் கேட்கும் பணம் அதே விலைக்கு ஆர்டர் கொண்டுவராது. எளிதில் வாங்குபவர்களை விளம்பரம் ஏற்கெனவே எட்டியிருக்கும். அதையும் சோதிக்கலாம். மதுரை அணியில் விளம்பரத்தைப் பழையபடி ஓடவிட்டு, இரண்டு அணியும் சமநிலைக்கு வந்தபின், கோவை அணியில் மட்டும் 15 நாளுக்கு 12,000 ரூபாய் கூட்டுகிறார் மேலாளர். 20,000 ரூபாய் செலவான இடத்தில் 32,000. விற்பனை 230, மதுரை அணியில் 200. கூடுதல் 30 சேலைக்கு 12,000 என்றால், ஒன்றுக்கு 400 ரூபாய். 550இல் அது போக 150 நிற்கும்.

கடிதத்தின் நடுப்பகுதி இப்படி வரலாம்:

"மாதத்துக்கு 40,000 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறேன். இதில் சுமார் 100 சேலை கூடுதலாக விற்கும், 15,000 ரூபாய் மிஞ்சும் என்பது என் மதிப்பீடு. சோதனையில் 60 சதவீதம் கூட்டிப் பார்த்தோம். எந்த 15 நாளிலும் விற்பனை 10, 15 ஏறி இறங்குவது வழக்கம் என்பதால், 30 என்ற எண் முழு உறுதியானதல்ல. எனவே இரண்டு மாதத்துக்கு மட்டும் அனுமதி கேட்கிறேன். மதுரை, திருச்சியைப் பழைய பட்ஜெட்டிலேயே விட்டு ஒப்பிட்டுக் காட்டுகிறேன். கூடுதல் சேலை ஒன்றுக்கான செலவு 500ஐத் தாண்டினால் பழைய தொகைக்கே திரும்பிவிடுவேன்."

லைக், ஃபாலோயர் எண்ணிக்கைக்கு இதில் இடமில்லை. கூடுதல் செலவு 600 என்று வந்திருந்தால் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்கக் கூடாது. பட்ஜெட்டைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று கேட்டிருக்க வேண்டும்.

இப்படி ஒரு கடிதம் எழுத நினைப்பவர்கள், ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் இல்லாத சாதாரண வாரங்களில் சோதனையை முடித்துவிடுங்கள். பண்டிகைக் காலத்தில் விளம்பரம் இல்லாமலே விற்பனை ஏறும், ஊருக்கு ஊர் வேறு அளவில் ஏறும். அந்த எண்களை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.