டெலிட் அழுத்திய பிறகும் ஓடும் எபிசோட்

ஒரு பேட்டி பாட்காஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். 41-வது எபிசோடில் விருந்தினராக வந்த பெண் பேச்சுவாக்கில் தன் வீட்டு முகவரியைச் சொல்லிவிட்டார். எடிட்டிங்கிலும் அது தப்பிவிட்டது. சில வாரங்கள் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் வந்து நிற்க, எபிசோடையே எடுத்துவிடச் சொல்கிறார். நடத்துபவர் ஹோஸ்டிங் கணக்கைத் திறந்து டெலிட் அழுத்துகிறார். மறுநாள் பார்த்தால் ஓர் ஆப்பில் தலைப்பும் விவரமும் அப்படியே இருக்கின்றன. இன்னொன்றில் ஆடியோவே ஓடுகிறது.

இதற்குக் காரணம் ஃபீடின் அமைப்பு. ஃபீட் என்பது ஹோஸ்டிங் சேவை எழுதி வைக்கும் ஒரு பட்டியல். அதில் ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு `<item>`. அதற்குள் எபிசோடின் அடையாளமாக `guid`, ஆடியோ எங்கே இருக்கிறது என்று காட்ட `enclosure`. ஆப்கள் அவ்வப்போது வந்து இதைப் படிக்கும். புதிய `guid` தென்பட்டால் சேர்த்துக்கொள்ளும். ஆனால் ‘இது நீக்கப்பட்டது’ என்று அறிவிக்க ஆர்எஸ்எஸ்ஸில் இடமே கிடையாது. ஆட்டம் என்ற இன்னொரு ஃபீட் வகைக்கு 2012-ல் அதற்கென்றே ஒரு குறியீடு வந்தது. பாட்காஸ்ட் உலகம் அந்தப் பக்கமே போகவில்லை. பட்டியலிலிருந்து ஒரு எபிசோட் காணாமல் போனால், ஆள் நீக்கினாரா, பட்டியல் நீண்டுவிட்டதால் ஹோஸ்ட் பழையதை வெட்டியதா என்று ஆப்புக்குத் தெரியாது. கேட்பவரின் சேமிப்பு கெடக்கூடாது என்று நினைக்கும் ஆப், இருப்பதை அப்படியே வைத்துக்கொள்ளும்.

‘போய்விட்டது’ என்று சொல்லத் தெரியாத ஃபீடுக்கு ‘மாறிவிட்டது’ என்று சொல்லத் தெரியும். அதனால் அவசரப்பட்டு அழிப்பதைவிட, முதலில் மாற்றுவதே நல்லது என்பது என் கருத்து. அதே எபிசோடைத் திறந்து, `guid`-ஐத் தொடாமல், தலைப்பை ‘இந்த எபிசோட் நீக்கப்பட்டது’ என்று மாற்றுங்கள். விவரத்தைக் காலி செய்யுங்கள். ஆடியோவுக்குப் பதிலாக அதையே ஒரு வரியில் சொல்லும் பத்து விநாடிப் பதிவை ஏற்றுங்கள். எபிசோடைப் புதிதாக வெளியிட்டால் `guid` மாறிவிடும். அப்போது பழையதும் புதியதும் அடுத்தடுத்து நிற்கும். சில நாள் இப்படியே விட்டால், திரும்ப வந்து படிக்கும் டைரக்டரிகள் பழைய தலைப்பின் மேல் புதியதை எழுதிக்கொள்ளும். பிறகு டெலிட் செய்யலாம்.

அதற்கெல்லாம் முன்பு ஒரு வேலை உண்டு. பலர் விட்டுவிடுவது இதைத்தான். பழைய ஆடியோ லிங்க், `guid`, எழுத்து வடிவக் கோப்பு இருந்தால் அதன் லிங்க் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். எபிசோட் போன பிறகு ஃபீடில் இவற்றைத் தேடினால் கிடைக்காது. வெறுமனே ‘அன்பப்ளிஷ்’ செய்தாலோ, கோப்பை மாற்றினாலோ, சில சேவைகளில் பழைய எம்பி3 அதே முகவரியில் உயிரோடு இருக்கும். லிங்க் கையில் இருந்தால் மேக் அல்லது லினக்ஸ் டெர்மினலில் இப்படிச் சோதிக்கலாம்:

```
curl -sIL "https://example.com/ep41.mp3" | grep -i "^HTTP"
```

இடையில் கேட்பு எண்ணிக்கை எடுக்கும் சேவை இருந்தால் பல வரிகள் வரும். கடைசி வரியைப் பாருங்கள். 404 அல்லது 410 என்றால் கோப்பு போய்விட்டது. 200 என்றால் அந்த லிங்கில் இன்னும் ஒரு கோப்பு இருக்கிறது; அது பழையதா, நீங்கள் மாற்றி ஏற்றிய பத்து விநாடிப் பதிவா என்று ஓட்டிப் பாருங்கள். டெலிட் செய்தும் 200 வந்தால், வேகத்துக்காக வைத்திருக்கும் தற்காலிக நகல் பதில் சொல்லக்கூடும். ஒரு நாள் பொறுத்தும் மாறாவிட்டால் லிங்கைக் கொடுத்து ஹோஸ்டிங் சேவைக்கு எழுத வேண்டியதுதான்.

ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் போன்றவை பெரும்பாலும் ஆடியோவை வைத்துக்கொள்வதில்லை. உங்கள் ஹோஸ்டிலிருந்தே ஓட்டுகின்றன. மூலக் கோப்பு போனால் அங்கே பிளே பட்டன் வெறும் பொம்மைதான். ஆனால் 2024 மார்ச் முதல் சில மொழிகளில் ஆப்பிள் தானே பேச்சை எழுத்தாக்கிக் காட்டுகிறது. வீட்டு முகவரி விவகாரம் என்பதால் அப்படி ஓர் எழுத்து வடிவம் இருந்தால் அதுவும் போனதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். யூடியூப் கதை வேறு. ஃபீடைக் கொடுத்துச் சேர்த்திருந்தால் ஒவ்வொரு எபிசோடும் அங்கே தனி வீடியோவாகிவிடுகிறது. ஃபீடில் நீக்கினால் அங்கே நீங்காது. யூடியூப் ஸ்டூடியோவுக்குள் போய்க் கையால்தான் அழிக்க வேண்டும். ஆடியோ ஓடிய அந்த ‘இன்னொரு ஆப்’ பெரும்பாலும் இப்படிச் சொந்த நகல் வைத்திருப்பதாகவே இருக்கும்.

நீங்கள் பதிவே செய்யாத டைரக்டரிகளும் ஃபீடைப் படித்துப் பக்கம் போட்டு வைத்திருக்கும். நிகழ்ச்சியின் பெயரையும் எபிசோட் தலைப்பையும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் அகப்படும். அவர்களுக்கு எழுதும்போது நீண்ட கதை வேண்டாம். ஃபீடின் முகவரி, `guid`, அவர்கள் பக்கத்தின் லிங்க், தனிநபர் முகவரி வெளியாகியிருக்கிறது என்று ஒரு வரி போதும். நடத்துபவர்தான் என்பதை உறுதிப்படுத்த, ஃபீடில் இருக்கும் மின்னஞ்சலிலிருந்தே அனுப்புவது நல்லது. அந்த வீட்டு முகவரி என்ன என்பதை மட்டும் அந்தக் கடிதத்தில் எழுதிவிடக் கூடாது.

இவ்வளவும் செய்தாலும், ஏற்கெனவே டவுன்லோட் செய்தவரின் போனில் இருக்கும் கோப்பை எந்த சேவையாலும் திரும்பப் பெற முடியாது. வெளிவந்த முதல் வாரத்து டவுன்லோட் எண்ணிக்கை ஹோஸ்டிங் கணக்கில் இருக்கும். அதை மறைக்காமல் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் என்ன பாதுகாப்பு செய்துகொள்வது என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.