பெயிண்ட் வாளியின் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள்

மதுரையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஹாலுக்கு இளம்பச்சை நிறத்தை ஷேட் கார்டில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. 10 லிட்டர் வாளி. கடையிலேயே மெஷினில் கலந்து, குலுக்கிக் கொடுத்தார்கள். சுவரில் ஏறியபோது அட்டையில் இருந்ததைவிட இரண்டு படி அழுத்தமான பச்சையாக வந்தது. பழைய மஞ்சளும் ஆங்காங்கே எட்டிப் பார்த்தது. கடைக்காரர் "காய்ஞ்சா சரியாயிடும்" என்றார். பெயிண்டர் "ரெண்டாவது கோட்டுல வந்துரும்மா" என்றார். இரண்டும் நடக்கவில்லை. கோபத்தில் அவர்கள் கடைக்கு எழுதிய முதல் கடிதத்தில் "ஏமாற்றிவிட்டீர்கள்" என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது. ஷேட் எண் ஓரிடத்திலும் இல்லை. அந்தக் கடிதத்துக்குப் பதிலே வரவில்லை.

பதில் வரவைக்கும் கடிதத்தை எழுத, கடையில் என்ன நடக்கிறது என்பது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். கடைக்காரர் அலமாரியிலிருந்து எடுப்பது 'பேஸ்' எனப்படும், நிறம் சேர்க்காத பெயிண்ட். ஒரே எமல்ஷனுக்கு இரண்டு மூன்று வகை பேஸ் இருக்கும். வெளிர் நிறங்களுக்கான பேஸில் வெள்ளை நிறமி நிறைய இருக்கும், அடர் நிறங்களுக்கானதில் குறைவாக இருக்கும். கம்ப்யூட்டரில் ஷேட் எண்ணைத் தட்டினால் எந்த பேஸ், எந்தெந்தச் சாயம் எத்தனை மில்லி என்று கணக்கு வரும். மெஷின் அதன்படி சாயத்தை ஊற்றும், பிறகு வாளி ஷேக்கருக்குள் போகும். கடைசியில் ஒரு ஸ்டிக்கர் அச்சாகி மூடியில் ஒட்டப்படும். ஷேட் எண், பேஸின் பெயர், அளவு, தேதி எல்லாம் பெரும்பாலும் அதில் இருக்கும்.

இந்த வரிசையில் எங்கு வேண்டுமானாலும் பிசகலாம். சாயம் வரும் மூக்கில் காய்ந்து அடைத்திருந்தால் ஒரு நிறம் குறைவாக விழும். குலுக்கியது போதாவிட்டால், குச்சியால் கிளறும்போது அடியிலிருந்து கோடு கோடாகச் சாயம் எழும். மதுரை வீட்டில் நடந்தது இவை இரண்டும் அல்ல. ஸ்டிக்கரில் வெளிர் நிற பேஸின் பெயர் இருந்தது. வாளியின் பக்கவாட்டில் கம்பெனி அச்சடித்திருந்ததோ வேறு பேஸின் பெயர். வெள்ளை குறைந்த பேஸில் அதே மில்லி சாயத்தை ஊற்றினால் நிறம் அழுத்தமாகத்தான் வரும், அடியில் இருப்பதையும் சரியாக மூடாது. ஹாலில் பார்த்தது அப்படியே இதுதான். மூடியும் வாளியும் வீட்டில் இருந்ததால் இதைக் கண்டுபிடிக்க முடிந்தது. வேலை முடிந்ததும் பெயிண்டர் வாளியைக் கேட்டு வாங்கிப் போவது நம் ஊர் வழக்கம். நிறம் திருப்தியாகும்வரை கொடுக்க வேண்டாம்.

ஆனால் குறை சொல்லும் முன், குறை பெயிண்டில்தானா என்று பார்த்துவிடுவது நியாயம். எமல்ஷன் ஈரத்தில் பால்கலந்தாற்போல் வெளிறித் தெரியும், காய்ந்தால் அழுத்தமாகும். அதனால் ஈரச் சுவரை வைத்து முடிவு செய்யக் கூடாது. கெட்டியான வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடித்து, ஒரு நாள் காயவிட்டு, ஷேட் கார்டை அதன் மேலேயே ஒட்ட வைத்துப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத ஜன்னலோரம் பார்க்க வேண்டும். பகலில் பொருந்தி எல்.இ.டி. விளக்கில் மட்டும் மாறித் தெரிந்தால் கடையைக் குறை சொல்வது கடினம். அட்டையில் உள்ள நிறத்தையும் மெஷின் கலந்த நிறத்தையும் வெவ்வேறு நிறமிகளால் செய்திருக்கலாம். அப்படியானால் ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிவது இன்னொன்றில் பிரிந்து தெரியும். நான்கு சுவரிலும் ஒரே நிறம் வரும்போது கையளவு அட்டையில் பார்த்ததைவிடத் தூக்கலாகத் தெரிவதும் இயல்பு. சிறிய வேறுபாடு இருக்கலாம் என்று ஷேட் கார்டுகளிலேயே அச்சிட்டிருப்பார்கள். பகலிலும் காய்ந்த அட்டையிலும் பளிச்சென்று வித்தியாசம் தெரிந்தால் மட்டும் கடிதம் எழுதலாம்.

இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். ஒரு கம்பெனியின் ஷேட் கார்டைக் காட்டி, வேறொரு கம்பெனி பெயிண்டில் 'மேட்சிங்' செய்து கொடுப்பது பல கடைகளில் நடக்கிறது. விலை குறைவு என்று நாமே தலையாட்டியிருப்போம். அப்படி வாங்கியிருந்தால், அதே நிறம் வரும் என்று கடை பில்லில் எழுதித் தந்திருந்தால் தவிர வழக்கு வலுவாக நிற்காது.

மதுரைக் குடும்பம் இரண்டாவதாக எழுதிய கடிதம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"ஐயா, வணக்கம். இம்மாதம் 4-ஆம் தேதி உங்கள் கடையில் 10 லிட்டர் எமல்ஷன் வாங்கினோம். பில் நகல் இணைத்துள்ளோம். நாங்கள் கேட்ட ஷேட் எண் பில்லிலும் மூடி ஸ்டிக்கரிலும் உள்ளது. ஆனால் ஸ்டிக்கரில் உள்ள பேஸும் வாளியில் அச்சாகியுள்ள பேஸும் வேறு வேறு. இரண்டின் படங்களும் இணைப்பில். வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடித்துக் காயவைத்து ஷேட் கார்டுடன் ஒப்பிட்டோம், நிறம் தெளிவாக அழுத்தமாக உள்ளது. ஒரு சுவர் மட்டும் அடித்து நிறுத்திவிட்டோம். மீதிப் பெயிண்ட் வாளியிலேயே மூடி வைத்திருக்கிறோம், நேரில் வந்து பார்க்கலாம். சரியான பேஸில் புதிதாகக் கலந்த 10 லிட்டர் வாளியும், அந்தச் சுவரை மறுபடி அடிக்கும் ஒரு நாள் கூலியும் தர வேண்டுகிறோம். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். நகல்: பெயிண்ட் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு."

இதில் என்னை மிகவும் கவர்ந்த வரி, 'ஒரு சுவர் மட்டும் அடித்து நிறுத்திவிட்டோம்' என்பது. நிறம் தவறு என்று தெரிந்தும் வீடு முழுக்க அடித்துவிட்டு நஷ்ட ஈடு கேட்டால், தெரிந்தே ஏன் அடித்தீர்கள் என்று கடைக்காரர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. கம்பெனிக்கு நகல் அனுப்பியதும் சரியான காரியம். பேஸ் கம்பெனியுடையது, கலந்தது கடை. ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது.

புது வாளி கேட்டதற்கும் காரணம் உண்டு. "கொண்டு வாங்க, கொஞ்சம் கலர் போட்டு சரி பண்ணித் தர்றேன்" என்பார்கள். சாயத்தைச் சேர்த்து நிறத்தை அழுத்தமாக்கலாம், ஆனால் ஊற்றிய சாயத்தை எடுக்க முடியாது. கையால் திருத்திய நிறத்துக்குக் கணக்கும் இருக்காது. நாளை இன்னொரு 4 லிட்டர் தேவைப்பட்டால் அந்த நிறம் திரும்பக் கிடைக்காது.

"கலந்த பெயிண்ட் திரும்பப் பெற மாட்டோம்" என்று பில்லில் இருப்பதைக் கண்டு பின்வாங்க வேண்டியதில்லை. நமக்கு மனம் மாறியதற்காகத் திருப்பினால் அந்த வரி செல்லும். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. அதனால் முதல் மாதத்துக்குள்ளேயே கடிதம் போய்ச் சேரட்டும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்துக்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் இல்லை. பார்த்து மட்டும் குறையை முடிவு செய்ய முடியாத பொருளை ஆணையம் முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அந்தக் கட்டம் வந்தால், வாளியில் கலந்தபடியே, தண்ணீர் சேர்க்காத பெயிண்ட் அரை லிட்டராவது மிச்சமிருந்தால்தான் சோதிக்க ஏதாவது இருக்கும்.