பழைய பிழை, தொடக்க இருப்பில்

பங்குச்சந்தையில் பட்டியலிட்ட ஒரு நூற்பாலை என்று வைத்துக்கொள்வோம். 2022 ஏப்ரலில் ஆலைக் கட்டடம் முழுவதற்கும் பெயிண்ட் அடித்தார்கள். செலவு 60 லட்சம். அது பராமரிப்புச் செலவு. ஆனால் கணக்குப் பிரிவு அதைக் கட்டடத்தின் மதிப்போடு சேர்த்து, பத்து ஆண்டுகளுக்குப் பரப்பி, ஆண்டுக்கு 6 லட்சம் தேய்மானம் எழுதிவந்தது. 2024-25 கணக்கை முடிக்கும்போது பிழை கண்ணில் பட்டது. அதை இந்த ஆண்டுச் செலவாக எழுதாமல் பழைய இருப்பு லாபத்தில் கழித்துவிட்டார்கள். 'ஏன்?' என்று ஆடிட்டர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். இந்த ஆண்டு லாபம் குறையாமலிருக்க இதைவிட வசதியான வழி கிடையாது!

பதிலாகப் போகும் மெமோ ஒரு பக்கம் இருந்தால் போதும். முதலில் அது நிறுவ வேண்டியது, இது மதிப்பீட்டு மாற்றம் அல்ல, பிழை என்பதை. இயந்திரம் பத்தாண்டு உழைக்கும் என்று நினைத்து, பிறகு எட்டாண்டுதான் என்று தெரிந்தால் அது மதிப்பீட்டு மாற்றம். இனிவரும் கணக்கில்தான் திருத்த வேண்டும். இங்கே அப்படியில்லை. மெமோ இப்படிச் சொல்லலாம்: "ஒப்பந்தக்காரரின் பில்லில் 'மறுபூச்சு வேலை' என்றே இருக்கிறது. 2022-23 கணக்கில் கையெழுத்திடும்போதே அந்த பில் எங்களிடம் இருந்தது. புதிதாக எந்தத் தகவலும் வரவில்லை." பில்லின் நகலையும் இணைத்துவிட்டால் இந்தப் பகுதி முடிந்தது.

அடுத்து, பிழை பெரிதா என்பது. அந்த ஆண்டின் வரிக்கு முந்தைய லாபம் 3 கோடி. கூடுதலாகக் காட்டியது 54 லட்சம், அதாவது 18 சதவீதம். சிறு தொகை என்று ஒதுக்க முடியாது.

பெரும் பிழையை அது நேர்ந்த ஆண்டிலேயே திருத்த வேண்டும் என்கிறது இந்த் ஏஎஸ் 8. ஆனால் 2024-25 அறிக்கையில் ஒப்பீட்டுக்கு இடம்பெறுவது 2023-24 மட்டுமே. 2022-23க்குப் பத்தியே இல்லை. அதனால்தான் 1-4-2023 தொடக்க இருப்பில் திருத்தம்: கட்டடத்தில் 54 லட்சம் குறையும், இருப்பு லாபத்திலும் அதுவே குறையும். வருமான வரி ரிட்டர்னில் இதைச் சரியாகச் செலவென்றே காட்டியிருந்தால், இந்த வித்தியாசத்துக்காக ஒதுக்கிய எதிர்கால வரி திரும்பிவரும். 25.17 சதவீத வரியில் அது சுமார் 13.6 லட்சம், நிகரக் குறைவு 40.4 லட்சம்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். 2023-24இல் எழுதிய 6 லட்சம் தேய்மானத்தையும் நீக்க வேண்டும். அந்த ஆண்டு லாபம் உயரும். இல்லாவிட்டால் 1-4-2024 அன்று கட்டடத்தில் மிச்சமிருக்கும் 48 லட்சத்தோடு கணக்கு பொருந்தாது. ஆடிட்டர் முதலில் பிடிப்பது இந்த 6 லட்சத்தைத்தான். 1-4-2023 தேதியிட்ட மூன்றாவது இருப்புநிலைக் குறிப்பும், ஒவ்வொரு வரியிலும் எவ்வளவு மாறியது என்ற விளக்கமும் அறிக்கையில் இருக்க வேண்டும்.

இந்த் ஏஎஸ் பொருந்தாத சிறு நிறுவனம் இதே மெமோவை நகலெடுத்தால் சிக்கல். அவர்களுக்கு உரிய ஏஎஸ் 5இன்படி முந்தைய ஆண்டுப் பிழை நடப்பாண்டின் லாப நட்டக் கணக்கிலேயே தனி வரியாக வர வேண்டும்.