'System' ஏன் இளைப்பதே இல்லை?

மஸ்ஜித் தானாவில் படிவம் நான்கு பயிலும் ஒரு மாணவியின் கைப்பேசியில் இடம் நிறைந்துவிட்டது. 3 ஜிபி அளவுக்குப் படங்களை அழித்தாள். சேமிப்பகப் பக்கத்தைத் திறந்தால், 'System' என்ற வரியில் 14 ஜிபி அப்படியே நின்றது. அதை அழிக்கப் பொத்தானும் இல்லை. அந்த 14 ஜிபியில் என்னதான் இருக்கிறது?

வீட்டுக் கணக்கு எழுதும் அம்மாவை நினைத்துப் பாருங்கள். அரிசி, மின்கட்டணம், பள்ளிப் பேருந்து என எழுதிய பிறகும் கணக்கில் வராத பணத்தை 'இதர செலவு' என்று போடுவார். ஆண்ட்ராய்டும் அதையேதான் செய்கிறது. அதன் மூல நிரலில் 'System' பெரும்பாலும் எடைபோட்டு அறியும் அளவன்று. கழித்துப் பெறும் மீதி.

மாணவியின் கைப்பேசி 64 ஜிபி. படங்களை அழிக்கும் முன் காலியாக இருந்தது 12; ஆக, பயன்பாட்டில் 52. செயலிகள் 22, படங்கள் 8, காணொளிகள் 6, ஒலிக்கோப்புகள் 2. கூட்டினால் 38. மீதி 14 ஜிபி முழுவதும் 'System' தலையில் விழுகிறது. 3 ஜிபி படங்களை அழித்ததும் பயன்பாடு 49 ஆகிறது. படங்கள் 5 ஆகின்றன. 49இலிருந்து 35ஐக் கழித்தால், மறுபடியும் 14! அழித்த இடம் காலியிடத்தில்தான் சேர்ந்தது.

இந்த மீதியில் இரண்டு பங்குகள் உள்ளன. பெரிய பங்கு இயங்குதளத்துக்குரியது. தொழிற்சாலையிலேயே சேமிப்பகத்தில் சுவர் எழுப்பி, அதற்கெனத் தனி அறைகளை ஒதுக்கிவிடுகிறார்கள். நம் மாணவியின் கைப்பேசியில் அது 10 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். அந்த அறைகளை நம்மால் படிக்க மட்டுமே முடியும். எழுதவோ அழிக்கவோ முடியாது. அறைக்குள் சற்றுக் காலியாக இருந்தாலும் முழு அறையும் 'பயன்பாடு' என்றே எண்ணப்படும். கைப்பேசியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தாலும் நம் தரவு அறைதான் துடைக்கப்படும். இந்தச் சுவர்கள் நகரா.

எஞ்சிய 4 ஜிபி, நம் தரவு அறையிலேயே இருந்தும் எந்தத் தலைப்பிலும் சேராதவை: பதிவிறக்கம் ஆகியும் நிறுவப்படாத புதுப்பிப்பு, பிழைப் பதிவுகள், கோப்பமைப்பு தனக்கென வைத்துக்கொள்ளும் குறிப்புகள் போன்றவை. மாறக்கூடியது இந்தப் பங்குதான்.

உங்கள் கைப்பேசியில் எது நடக்கிறது என்று எப்படி அறிவது? 'System' அளவை ஒரு தாளில் குறித்துவையுங்கள். ஒரு மாதம் கழித்தும் ஏறக்குறைய அதே எண் என்றால், அது சுவர். அதை இளைக்க வைப்பதாகச் சொல்லும் 'சுத்தம் செய்யும்' செயலிகளால் பயனில்லை. பல ஜிபி ஏறியிருந்தால், காத்திருக்கும் புதுப்பிப்பை நிறுவி, கைப்பேசியை அணைத்து மீண்டும் இயக்குங்கள். எண் இறங்கினால், தேங்கியிருந்தது அந்த இரண்டாம் பங்கு.

அடுத்த கைப்பேசி வாங்கும்போது, பெட்டியில் அச்சிட்ட எண்ணிலிருந்து சுவர்களுக்கான பங்கைக் கழித்துப் பாருங்கள். உங்களுக்குக் கிடைக்கும் இடம் அதுதான்.